ஐந்து ஸ்கிரீன்ஷாட்... நடுவில் தொலைந்த ஒரு வரி! நீளமான வாட்ஸ்அப் உரையாடலைத் தப்பில்லாமல் ஒன்றாகச் சேர்ப்பது எப்படி?

வாடகை அட்வான்ஸ், நகைச்சீட்டு, கல்யாண மண்டபம், கேட்டரிங் என்று இன்று பல கொடுக்கல் வாங்கல்கள் பத்திரத்தில் எழுதப்படுவதில்லை. வாட்ஸ்அப்பில்தான் பேசி முடிக்கப்படுகின்றன. பிறகு பிரச்னை என்று வந்தால், 'நாம அன்னைக்கு என்ன பேசினோம்னு பாருங்க' என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புவோம். ஒரு திரையில் எட்டோ, பத்தோ மெசேஜ்தான் தெரியும். எனவே கொஞ்சம் தள்ளி இன்னொன்று, இன்னும் தள்ளி மற்றொன்று என்று ஐந்தாறு படங்கள் சேர்ந்துவிடும்.

இவற்றை வரிசையாக அடுக்கி, முதலிலிருந்து கடைசி வரை ஒரே உரையாடலாகப் படிப்பது சுலபமான வேலை போலத் தெரியும். ஆனால் அதில் இரண்டு தவறுகள் நடக்கலாம். ஒரே மெசேஜ் இரண்டு படங்களிலும் இருப்பதால் இரண்டு முறை எழுதிவிடுவது ஒன்று. இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு பகுதி எந்தப் படத்திலும் இல்லாமல் விட்டுப்போவது இன்னொன்று. முதல் தவறு படிக்கும்போதே கண்ணில் பட்டுவிடும். இரண்டாவது படாது. இல்லாத ஒன்று கண்ணுக்கு எப்படித் தெரியும்?

இந்த இரண்டு தவறும் ஒரே இடத்தில், ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு வந்தால் என்ன ஆகும் என்பதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

98,000-மா, 84,000-மா?

மதுரையில் ஒரு வீட்டில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் என்று வைத்துக்கொள்வோம். சமையல் காண்ட்ராக்டரிடம் இலைக்கு 280 ரூபாய் வீதம் 350 இலை பேசி, 20,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார்கள். விசேஷம் முடிந்ததும் காண்ட்ராக்டர் 350 இலைக்கு 98,000 ரூபாய் என்று பில் போடுகிறார். 'முன்னாடியே 300 இலைன்னு மாத்திச் சொன்னேனே' என்கிறார் அம்மா. 'எங்கிட்ட அப்படிச் சொல்லலையே அக்கா' என்கிறார் காண்ட்ராக்டர். வித்தியாசம் 50 இலை, அதாவது 14,000 ரூபாய்.

அம்மா தன் போனிலிருந்து ஐந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோவையில் இருக்கும் மகளுக்கு அனுப்புகிறார். மகள் அவற்றை வரிசைப்படுத்துகிறார். மூன்றாவது படத்தின் கடைசி மூன்று மெசேஜ்கள் இவை:

மாலை 7:40, அம்மா: அப்பளம் பெரிசா போடுங்க மாஸ்டர்
மாலை 7:41, அம்மா: பாயசம் பால் பாயசமே இருக்கட்டும்
மாலை 7:42, மாஸ்டர்: சரிங்கக்கா

நான்காவது படம் இப்படி ஆரம்பிக்கிறது:

மாலை 7:42, மாஸ்டர்: சரிங்கக்கா
மாலை 7:43, அம்மா: அப்ப மொத்தம் 84,000 தானே? அட்வான்ஸ் போக 64,000?
மாலை 7:50, மாஸ்டர்: ஆமாங்கக்கா. மீதி அன்னைக்குக் காலைல குடுத்துடுங்க

மூன்றாவது படம் 'சரிங்கக்கா'வில் முடிகிறது, நான்காவது 'சரிங்கக்கா'வில் தொடங்குகிறது. அனுப்பியவர் அதே மாஸ்டர், நேரமும் அதே 7:42. யாராக இருந்தாலும் 'இது ரெண்டும் ஒண்ணுதான்' என்று ஒன்றை அடித்துவிட்டு இரண்டு படங்களையும் ஒட்டிவிடுவார்கள். மகளும் அதைத்தான் செய்கிறார். படிக்கவும் தடங்கலே இல்லை. பால் பாயசத்துக்குச் 'சரிங்கக்கா', அடுத்து மொத்தக் கணக்கு. கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆனால் அவை இரண்டும் ஒன்றல்ல. முதல் 'சரிங்கக்கா' பாயசத்துக்கு. இரண்டாவது 'சரிங்கக்கா' வேறொன்றுக்கு. நடுவே, அதே 7:42-க்கு, 'ஊர்லேர்ந்து வர்றவங்க குறைஞ்சுட்டாங்க மாஸ்டர். இலை 350 வேண்டாம், 300 போதும்' என்று அம்மா ஒரு மெசேஜ் போட்டிருக்கிறார். திரையைத் தள்ளும்போது கை கொஞ்சம் வேகமாகப் போனதால் அது எந்தப் படத்திலும் சிக்கவில்லை. வழக்கையே தீர்த்து வைக்கும் வரி தொலைந்துபோனது. அதற்குக் கிடைத்த சம்மதமும் 'டபுள் என்ட்ரி' என்று அடிக்கப்பட்டுவிட்டது.

நேரம் ஒன்றாக இருந்தால் மெசேஜும் ஒன்றா?

இந்தக் குழப்பத்துக்கு முதல் காரணம், வாட்ஸ்அப் ஒவ்வொரு மெசேஜின் கீழும் மணியையும் நிமிடத்தையும் மட்டுமே காட்டுகிறது என்பது. விநாடி தெரியாது. மும்முரமாகப் பேசும் இருவர் ஒரு நிமிடத்துக்குள் நான்கைந்து மெசேஜ் போட்டுக்கொள்வார்கள். அத்தனைக்கும் ஒரே நேரம்தான் இருக்கும்.

இரண்டாவது காரணம், நாம் பதில் சொல்லும் விதம். 'சரி', 'ம்', 'ஓகே', 'அனுப்பிட்டேன்', கட்டைவிரல் படம் ஆகியவைதான் சாட்டில் திரும்பத் திரும்ப வருபவை. ஒரே நிமிடத்தில் இரண்டு முறை வந்தாலும் ஆச்சரியமில்லை. 'அனுப்பிட்டேன்' என்று இரண்டு முறை வந்திருந்தால், அது இரண்டு தவணைப் பணமாகவும் இருக்கலாம்.

எனவே, ஒற்றை மெசேஜை வைத்து இரண்டு படங்களை ஒட்டக் கூடாது. மெசேஜ் வரிசையை வைத்துத்தான் ஒட்ட வேண்டும். ஒரு படத்தின் கடைசி இரண்டு அல்லது மூன்று மெசேஜ்கள், அடுத்த படத்தின் ஆரம்பத்தில் அதே வரிசையில், அதே நேரத்தோடு, அதே பக்கத்தில் இருக்க வேண்டும். நாம் அனுப்பியது வலப்பக்கம், வந்தது இடப்பக்கம் என்பதால் பக்கமும் ஓர் அடையாளம்தான். அந்த வரிசையில் ஒன்றாவது வேறெங்கும் வராத மெசேஜாக இருக்க வேண்டும். 'அப்பளம் பெரிசா போடுங்க மாஸ்டர்' போன்ற வரி அந்த உரையாடலில் இன்னொரு முறை வர வாய்ப்பில்லை. அதுதான் நல்ல அடையாளம்.

மகள் இதைச் செய்திருந்தால் உடனே சந்தேகம் வந்திருக்கும். இரண்டும் ஒரே 'சரிங்கக்கா' என்றால், அது நான்காவது படத்தின் முதல் மெசேஜ். அதற்கு மேலே ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமே இல்லை. பொருந்துவது ஒரே ஒரு மெசேஜ், அதுவும் எங்கும் வரக்கூடிய மெசேஜ். இப்படிப்பட்ட இடத்தை 'ஒட்டிவிட்டது' என்று எடுத்துக்கொள்ளாமல் 'இடைவெளி இருக்கலாம்' என்று குறித்துக்கொள்வதுதான் சரி.

பேச்சிலும் ஒரு தடயம் இருக்கிறது. 350 இலைக்கு 280 ரூபாய் என்றால் 98,000 வர வேண்டும். 'மொத்தம் 84,000 தானே?' என்று அம்மா கேட்பது திடீரென எங்கிருந்து வந்தது? 84,000-ஐ 280-ஆல் வகுத்தால் 300. யாரோ, எங்கோ இலையைக் குறைத்திருக்கிறார்கள். பதில் இருந்து கேள்வி இல்லாமல் போனாலோ, முன்பின் தெரியாத ஒரு தொகை தலைகாட்டினாலோ, அதற்கு மேலே ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஆறாவது படம்

சந்தேகம் வந்த இடத்தில் ஊகித்து எழுதக் கூடாது. திரும்பவும் போனுக்குத்தான் போக வேண்டும். மகள் அம்மாவை அழைத்து, 'அப்பளம் பெரிசா போடுங்கன்னு சொன்னியே, அந்த மெசேஜ் திரையோட மேல்பக்கம் தெரியற மாதிரி வெச்சு ஒரு படம் எடும்மா' என்கிறார். 'அந்தப் பாயசம் பேசின இடத்துல' என்று பொதுவாகச் சொல்வதைவிட, குறிப்பிட்ட ஒரு மெசேஜைச் சொல்லிக் கேட்பது எளிது. வாட்ஸ்அப்பின் தேடல் வசதியில் 'அப்பளம்' என்று போட்டாலே அந்த இடத்துக்குப் போய்விடலாம்.

புதிதாக வந்த படத்தில் ஏழு மெசேஜ்கள் இருக்கின்றன. முதல் மூன்றும் மூன்றாவது படத்தின் கடைசி மூன்று. கடைசி மூன்றும் நான்காவது படத்தின் முதல் மூன்று. நடுவே ஒன்று மட்டும் புதிது. அதுதான் '300 போதும்'. இப்போது இரண்டு பக்கமும் மும்மூன்று மெசேஜ் பொருந்துவதால் ஒட்டு உறுதியானது.

சேர்த்து எழுதிய உரையாடலில் அந்தப் பகுதி இப்படி இருக்கும்:

20. மாலை 7:40, அம்மா: அப்பளம் பெரிசா போடுங்க மாஸ்டர் (படம் 3)
21. மாலை 7:41, அம்மா: பாயசம் பால் பாயசமே இருக்கட்டும் (படம் 3)
22. மாலை 7:42, மாஸ்டர்: சரிங்கக்கா (படம் 3)
23. மாலை 7:42, அம்மா: ஊர்லேர்ந்து வர்றவங்க குறைஞ்சுட்டாங்க மாஸ்டர். இலை 350 வேண்டாம், 300 போதும் (படம் 6)
24. மாலை 7:42, மாஸ்டர்: சரிங்கக்கா (படம் 4)
25. மாலை 7:43, அம்மா: அப்ப மொத்தம் 84,000 தானே? அட்வான்ஸ் போக 64,000? (படம் 4)

ஒவ்வொரு வரிக்கும் எண் கொடுத்து, எந்தப் படத்திலிருந்து எடுத்தது என்றும் எழுதி வைப்பது முக்கியம். யாராவது 23-வது வரியைக் கேள்வி கேட்டால், ஆறாவது படத்தை எடுத்து நீட்டிவிடலாம்.

எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்

எல்லாம் சரியாகச் சேர்ந்ததா என்று சரிபார்க்க ஒரு சின்னக் கணக்கு போதும். படங்களில் உள்ள மெசேஜ்களை எண்ணிக் கூட்டுங்கள். அதிலிருந்து ஒவ்வொரு ஒட்டிலும் இரட்டிப்பானவற்றைக் கழியுங்கள். மிச்சம் வருவது, நீங்கள் எழுதிய கடைசி எண்ணோடு ஒத்துப்போக வேண்டும்.

நம் உதாரணத்தில் முதல் ஐந்து படங்களில் 9, 10, 8, 9, 7 மெசேஜ்கள். மொத்தம் 43. ஆறாவது படத்தின் 7 சேர்த்தால் 50. ஒட்டுகளில் இரட்டிப்பானவை, முதல் படத்துக்கும் இரண்டாவதுக்கும் 3, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் 2, புதிய படத்தின் மேல்பக்கம் 3, கீழ்ப்பக்கம் 3, நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் 2. மொத்தம் 13. ஐம்பதில் 13 போனால் 37. எழுதிய கடைசி எண்ணும் 37 என்றால், எழுதும்போது எதையும் இரண்டு முறை எழுதவும் இல்லை, விடவும் இல்லை.

மகள் முதலில் அவசரமாக ஒட்டியபோது வந்தது 35. அந்தக் கணக்கும் தன்னளவில் சரியாகத்தான் இருந்திருக்கும். 43-ல் 8 போனால் 35. ஆக, எழுதும்போது நடக்கும் தவறை மட்டுமே எண்ணிக்கை பிடிக்கும். தவறான ஒட்டை அது பிடிக்காது. அதனால்தான் ஒட்டுகளை முதலில் சரிபார்த்துவிட்டுப் பிறகு எண்ண வேண்டும்.

பாதி வெட்டுப்பட்ட மெசேஜை எப்படி எண்ணுவது?

திரையின் மேலும் கீழும் மெசேஜ்கள் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். அதை எண்ணுவதா வேண்டாமா என்ற குழப்பம் வரும். இதற்கு வாட்ஸ்அப்பே ஒரு வழி வைத்திருக்கிறது. மெசேஜ் பெட்டியில் நேரம் எப்போதும் அதன் அடிப்பகுதியில்தான் இருக்கும். எனவே, 'நேரம் தெரிந்தால் எண்ணு, தெரியாவிட்டால் விடு' என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு படத்தின் கீழே வெட்டுப்பட்ட மெசேஜுக்கு நேரம் தெரியாது. அதுவே அடுத்த படத்தின் மேலே வெட்டுப்பட்டு வரும்போது நேரம் தெரியும். ஆகவே, அது ஒரே ஒரு முறைதான் எண்ணப்படும்.

ஆனால் எழுதும்போது இரண்டு பாதியையும் சேர்க்க வேண்டும். அந்த இரண்டு பாதிகளிலும் பொதுவாக ஒரு வரியாவது இருக்க வேண்டும். முதல் பாதி முடிந்த வரிக்கும் இரண்டாவது பாதி தொடங்கும் வரிக்கும் நடுவே எதுவும் பொதுவாக இல்லை என்றால், இடையில் ஒரு வரி போயிருக்கலாம். அங்கும் இன்னொரு படம் தேவை.

இதே விதி இன்னொரு சிக்கலையும் தீர்க்கிறது. பழைய மெசேஜ் ஒன்றைக் குறிப்பிட்டுப் பதில் போடும்போது, அந்தப் பழைய வரி ஒரு சிறிய பெட்டியில் மேலே தெரியும். படிப்பவருக்கு அது இரண்டாவது முறை சொன்னது போலத் தோன்றும். ஆனால் அந்தச் சின்னப் பெட்டிக்குத் தனியாக நேரம் கிடையாது. எனவே அது தனி மெசேஜ் அல்ல. ஒட்டுவதற்கு அடையாளமாகவும் அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

ரொம்ப நீளமான மெசேஜ் என்றால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி, கீழே `Read more` என்று காட்டும். அதைத் தொட்டு முழுவதும் விரித்த பிறகே படம் எடுக்க வேண்டும். இல்லையென்றால், எண்ணிக்கை சரியாக இருக்கும், விஷயம் பாதியாக இருக்கும்.

ஒரே மெசேஜ், இரண்டு தோற்றம்

எல்லாப் படங்களும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டிருந்தால் மேலே சொன்னது போதும். சில நாள் இடைவெளியில், அல்லது இரண்டு பேரின் போனில் எடுத்த படங்கள் என்றால், ஒரே மெசேஜ் வேறு வேறு மாதிரி தெரியும்.

முதலில் தேதி. இன்று பேசியதற்கு மேலே 'இன்று' என்று இருக்கும். நாளை படம் எடுத்தால் அதே உரையாடலுக்கு மேலே 'நேற்று' என்று இருக்கும். இரண்டு படங்களையும் பார்ப்பவர் இரண்டு நாள் பேச்சு என்று நினைத்துவிடலாம். எனவே படம் எடுத்த தேதியை வைத்து, 'இன்று', 'நேற்று' என்று வரும் இடங்களில் உண்மையான தேதியை எழுத வேண்டும்.

அடுத்தது நேரம். வாட்ஸ்அப் அந்தந்த போனில் உள்ள ஊர் நேரத்தைத்தான் காட்டும். துபாயில் இருக்கும் மகன் தன் போனில் எடுத்த படத்தில் மாலை 6:12 என்று இருப்பது, மதுரையில் அம்மா போனில் 7:42. ஒன்றரை மணி நேர வித்தியாசம் தெரியாமல் ஒட்டினால் எதுவுமே பொருந்தாது. எல்லாவற்றையும் ஒரே ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது, திருத்தம். வாட்ஸ்அப்பில் அனுப்பிய மெசேஜை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். திருத்தியதற்கான குறிப்பு நேரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். முன்னால் எடுத்த படத்தில் ஒரு தொகையும், பின்னால் எடுத்த படத்தில் வேறு தொகையும் இருந்தால், அவை இரண்டு மெசேஜ் அல்ல. ஒரே எண்ணின் கீழ் இரண்டு வடிவத்தையும் எழுதி வையுங்கள். டிக் நீலமாக மாறுவதும், மெசேஜின் மேல் ஸ்மைலி சேர்வதும்கூடப் பின்னால் நடப்பவைதான். அவற்றை வைத்து 'இது வேற மெசேஜ்' என்று முடிவு செய்யக் கூடாது.

போனே ஒட்டித் தந்தால்?

பல ஆண்ட்ராய்டு போன்களில், ஸ்கிரீன்ஷாட் எடுத்ததும் கீழே இழுத்துக்கொண்டே போய் ஒரே நீளப் படமாக எடுக்கும் வசதி இருக்கிறது. இது வேலையைக் குறைக்கும். ஆனால் போனும் நாம் செய்வதைத்தான் செய்கிறது. ஒரு படத்தின் அடிப்பகுதியும் அடுத்த படத்தின் மேல்பகுதியும் எங்கே ஒரே மாதிரி இருக்கின்றன என்று தேடி ஒட்டுகிறது. வரிசையாக ஒரே அளவில் குட்டிக் குட்டி 'சரி', 'ம்' மெசேஜ்கள் இருந்தால், மகளைப் போலவே அதுவும் ஏமாறலாம். வாட்ஸ்அப்பின் பின்னணிப் படம் மெசேஜோடு சேர்ந்து நகராமல் நிற்பதும் அதற்குக் குழப்பம்தான். எடுத்துக்கொண்டிருக்கும்போது புது மெசேஜ் வந்து விழுந்தாலும் ஒட்டு பிசகலாம்.

எனவே நீளப் படத்தையும் ஒரு முறை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். ஒரு மெசேஜ் பெட்டிக்குள் எழுத்து பாதியில் நறுக்கென்று வெட்டுப்பட்டிருந்தாலும், நடுவில் பெயர்ப் பட்டை திரும்ப வந்தாலும் அங்கே ஒட்டு தவறியிருக்கிறது. நீளப் படத்துக்கும் ஓர் அளவு உண்டு. உரையாடல் பெரிது என்றால் இரண்டு, மூன்று நீளப் படங்கள் ஆகிவிடும். அவற்றுக்கு நடுவேயும் அதே இரண்டு, மூன்று மெசேஜ் விதிதான்.

எடுக்கும்போதே கவனித்தால்...

படம் எடுப்பவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டால் சேர்ப்பவருக்குப் பாதி வேலை மிச்சம். இப்போது திரையின் கடைசியில் இருக்கும் மூன்று மெசேஜ், தள்ளிய பிறகு திரையின் மேலே வந்து நிற்க வேண்டும். வேகமாகச் சுண்டித் தள்ளாமல், விரலை எடுக்காமல் மெதுவாக இழுக்க வேண்டும்.

அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் படத்தின் தரம் குறையும், பெயரும் மாறிவிடும். பல ஆண்ட்ராய்டு போன்களில் ஸ்கிரீன்ஷாட்டின் பெயரிலேயே எடுத்த தேதியும் நேரமும் இருப்பதால், படங்களை வரிசைப்படுத்த அது உதவும். ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். கீழிருந்து மேலே போய்க்கொண்டே எடுத்தார்களா, மேலிருந்து கீழா? பலரும் கடைசி மெசேஜிலிருந்து பின்னோக்கித்தான் போவார்கள். அப்படியென்றால் முதலில் எடுத்த படம்தான் உரையாடலின் கடைசிப் பகுதி.

உரையாடல் இன்னும் போனில் இருக்கிறது என்றால், வாட்ஸ்அப்பில் உள்ள `Export chat` வசதி மொத்தத்தையும் எழுத்தாகவே தந்துவிடும். அதில் ஒட்டும் வேலையே இல்லை. ஆனால் போன் உடைந்துபோய் ஸ்கிரீன்ஷாட் மட்டும் மிஞ்சியிருந்தாலோ, மெசேஜ்கள் தானாக மறையும்படி வைக்கப்பட்டிருந்தாலோ, யாரோ எடுத்து அனுப்பிய படங்கள்தான் கையில் இருந்தாலோ, ஒட்டித்தான் ஆக வேண்டும். 'எனக்கு மட்டும்' என்று ஒருவர் தன் போனில் அழித்த மெசேஜ் அங்கே தடயமே இல்லாமல் போய்விடும் என்பதையும் மறக்கக் கூடாது. படங்கள் எவ்வளவு சரியாக ஒட்டினாலும், அதை அவை காட்டாது. இரண்டு பேரின் போனையும் ஒப்பிட்டால்தான் தெரியும்.

விஷயம் நீதிமன்றம் வரை போகலாம் என்றால், சேர்த்து எழுதிய பிரதி படிப்பதற்கான உதவி மட்டுமே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-வது பிரிவு, மின்னணுப் பதிவுகளோடு ஒரு சான்றிதழும் தரப்பட வேண்டும் என்கிறது. அது எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்பதைச் சொல்லும் சான்றிதழ். எனவே ஒட்டி முடித்த கையோடு அசல் படங்களை அழித்துவிடாதீர்கள். அவற்றை வெட்டாமல், கோடு போடாமல், எடுத்தபடியே ஒரு தனி ஃபோல்டரில் வையுங்கள். அந்த உரையாடல் இருக்கும் போனையும், கணக்கு தீரும்வரை ரீசெட் செய்யவோ, மாற்றிக் கொடுக்கவோ வேண்டாம்.